குண்டாஸ் போட்டால் விசாரணையே இல்லாமல் ஒரு வருடம் உள்ளே வைக்கலாமா?

"என் தம்பி மேல் ஏற்கெனவே இரண்டு அடிதடி வழக்குகள் இருந்தன. மூன்றாவதாக ஒரு வழக்கில் பிடித்து ரிமாண்ட் செய்தார்கள். ஜாமீன் மனு போட்டிருந்தோம். அது விசாரணைக்கு வருவதற்குள் குண்டாஸ் போட்டுவிட்டார்கள். விசாரணை இல்லை, தண்டனை இல்லை, ஆனால் ஒரு வருடம் வெளியே வர முடியாது என்கிறார்கள். 'அடிப்படைக் கடமையை மதிக்காதவனுக்கு அடிப்படை உரிமை எதற்கு?' என்று ஒருவர் கேட்கவும் செய்தார். உயிருக்கும் சுதந்திரத்துக்கும் அரசியலமைப்பே உத்தரவாதம் தருகிறது என்று படித்திருக்கிறோமே, அப்புறம் இது எப்படிச் செல்லும்? எங்கே போய்க் கேட்பது?"

செல்லும். அரசியலமைப்பே அதற்கு இடம் கொடுத்திருக்கிறது. ஆனால் இடம் கொடுத்த அதே பிரிவு சில நிபந்தனைகளையும் போட்டிருக்கிறது. அவற்றில் முக்கியமான ஒன்று தவறினாலும் ஆணை நிற்காது. உங்கள் தம்பி வெளியே வர வழி இருந்தால் அது அந்த நிபந்தனைகளுக்குள்தான் இருக்கும்.

கடமை பற்றிய பேச்சை முதலில் தள்ளிவைத்துவிடலாம். அடிப்படைக் கடமைகள் 1976-இல் 42-ஆவது திருத்தத்தின் மூலம் பிரிவு 51ஏ-வாகச் சேர்க்கப்பட்டவை. மீறினால் இன்ன தண்டனை என்று அந்தப் பிரிவில் எதுவும் இல்லை. கடமையைச் செய்தவனுக்குத்தான் உரிமை என்று அரசியலமைப்பில் எங்கும் எழுதவில்லை. உயிருக்கும் சுதந்திரத்துக்கும் உத்தரவாதம் தரும் பிரிவு 21 'எந்த நபரும்' என்றுதான் பேசுகிறது. ரவுடி என்று பெயர் எடுத்தவரும் அதில் அடக்கம்.

இனி விஷயத்துக்கு வருவோம். பிரிவு 22-ஐ முழுதாக வாசித்தால் அதற்குள் இரண்டு முகங்கள் தெரியும். முதல் இரண்டு உட்பிரிவுகள் எல்லோருக்கும் தெரிந்தவை. கைது செய்தால் காரணம் சொல்ல வேண்டும், வழக்கறிஞரைக் கலந்துகொள்ள விட வேண்டும், 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும். மூன்றாவது உட்பிரிவு, குண்டாஸ் போன்ற தடுப்புக்காவலில் வைக்கப்பட்டவருக்கு இவை எதுவும் பொருந்தாது என்கிறது. அவருக்கென்று நான்கு முதல் ஏழு வரையான உட்பிரிவுகளில் வேறு பாதுகாப்புகள் உண்டு. அவை முன்னதை விட மெலிந்தவை.

அடிப்படை உரிமைகளின் அத்தியாயத்துக்குள்ளேயே இது எப்படி வந்தது என்பதற்குப் பின்னே ஒரு கதை இருக்கிறது. குற்றம் நிரூபிக்காமல் ஆளை அடைத்து வைக்கும் பழக்கம் வெள்ளைக்காரன் காலத்தது. வங்காளத்தில் 1818-லும், நம் சென்னை மாகாணத்தில் 1819-லும் அதற்கான ஒழுங்குவிதிகள் வந்தன. அதே பழக்கத்தின் ஒரு வடிவமான 1919-இன் ரௌலட் சட்டத்தை எதிர்த்துத்தான் நாடே கொந்தளித்தது. ஆனால் சுதந்திரத்துக்குப் பிறகு, பிரிவினைக் கலவரங்களும் ஆயுதப் போராட்டங்களும் நடந்த நேரத்தில், அரசியல் நிர்ணய சபை அந்த அதிகாரத்தைக் கைவிடத் தயாராக இல்லை. பிரிவு 21-இல் 'சட்டம் வகுத்த நடைமுறைப்படி' என்ற சொற்களே போதும் என்று முடிவாகியிருந்தது. நடைமுறை நியாயமானதா என்று நீதிமன்றம் பார்க்கும் வாய்ப்பு இதனால் குறைந்தது. அந்த இழப்பை ஓரளவு ஈடுகட்டத்தான் இன்றைய பிரிவு 22 கொண்டுவரப்படுகிறது என்று அம்பேத்கரே சபையில் விளக்கினார். அதாவது, உங்கள் தம்பியை உள்ளே வைக்க உதவும் பிரிவு, அந்த அதிகாரத்துக்குக் கடிவாளம் போடுவதற்காக எழுதப்பட்டது. இரண்டுமே உண்மைதான்.

இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றத்துக்குப் போன முதல் பெரிய வழக்கும் சென்னையோடு தொடர்புடையதே. கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் 1947 டிசம்பரிலிருந்தே காவலில் இருந்தவர். 1950-இல் புதிதாக வந்த தடுப்புக்காவல் சட்டத்தின் கீழ் அவருக்குப் புது ஆணை கொடுத்தார்கள். அவர் சென்னை மாகாண அரசுக்கு எதிராக நேராக உச்ச நீதிமன்றம் போனார். 1950 மே மாதம் தீர்ப்பு வந்தது. சட்டம் செல்லும் என்றார்கள். காவலுக்கான காரணங்களை நீதிமன்றத்துக்குக்கூடச் சொல்லக் கூடாது என்று தடுத்த 14-ஆம் பிரிவை மட்டும் ரத்து செய்தார்கள். நடைமுறை நியாயமாகவும் இருக்க வேண்டும் என்ற கருத்து 1978-இல் மேனகா காந்தி வழக்கில்தான் பிரிவு 21-க்குள் உறுதியாக வந்தது. ஆனால் தடுப்புக்காவல் என்ற ஏற்பாடு அதற்குப் பிறகும் அப்படியே நிற்கிறது.

இப்போது உங்கள் தம்பியின் கதை. நாம் 'குண்டாஸ்' என்று சொல்வது தமிழ்நாட்டின் 1982-ஆம் ஆண்டு 14-ஆவது சட்டம். கள்ளச்சாராயம், போதைப்பொருள் என்று தொடங்கி, பிற்பாடு வனக் குற்றம், வீடியோ பைரசி, சைபர் குற்றம் என்று நீண்டுகொண்டே போன பட்டியலில் 'குண்டா' ஒரு வகை. அந்தச் சட்டப்படி, உடலுக்கோ உடைமைக்கோ எதிரான குற்றங்கள் போன்ற சிலவற்றை வழக்கமாகச் செய்பவர் குண்டா. இதில் 'வழக்கமாக' என்பது முக்கியம். அதிகபட்சக் காவல் 12 மாதம்.

ஆணையில் கையெழுத்திடுவது நீதிபதி அல்ல. ஆணையரகம் உள்ள நகரமாக இருந்தால் காவல் ஆணையர், மற்ற இடங்களில் மாவட்ட ஆட்சியர். இன்ஸ்பெக்டர் கோப்பைத் தயார் செய்து அனுப்புவார். அதைப் பார்த்து, 'இவர் வெளியே வந்தால் பொது ஒழுங்குக்குப் பாதகமாக நடப்பார்' என்று ஆட்சியருக்கு மனதில் திருப்தி ஏற்பட வேண்டும். கேட்கப்படுவது இனி நடக்கப்போவதைப் பற்றிய கணிப்பு. நடந்து முடிந்த குற்றத்துக்குத் தண்டனை என்று இதைச் சொல்ல மாட்டார்கள். சாட்சி விசாரணை இல்லாததற்கு அவர்கள் சொல்லும் காரணமும் அதுதான்.

அதன் பிறகு கடிகாரம் ஓடத் தொடங்கும். ஒரு பேச்சுக்கு ஆணை மார்ச் 20 அன்று பிறப்பிக்கப்பட்டு, அன்றே சிறையில் தம்பியிடம் கொடுக்கப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து நாளுக்குள், அதாவது மார்ச் 25-க்குள், காவலுக்கான காரணங்களை அவரிடம் கொடுத்தாக வேண்டும். 12 நாளுக்குள், ஏப்ரல் 1-க்குள், மாநில அரசு அந்த ஆணைக்கு ஒப்புதல் தர வேண்டும். தராவிட்டால் ஆணை தானாகவே காலாவதி. மூன்று வாரத்துக்குள், ஏப்ரல் 10-க்குள், அரசு இதை அறிவுரைக் கழகத்தின் முன் வைக்க வேண்டும். ஏழு வாரத்துக்குள், மே 8-க்குள், கழகம் தன் அறிக்கையைத் தர வேண்டும். காவலுக்குப் போதிய காரணம் இல்லை என்று கழகம் சொன்னால் அரசு அவரை விட்டே ஆக வேண்டும். அதில் அரசுக்கு விருப்பம் என்ற பேச்சே கிடையாது. இருக்கிறது என்று சொன்னால் அரசு ஆணையை உறுதிசெய்து 12 மாதம் வரை நீட்டிக்கலாம், நீட்டிக்காமலும் இருக்கலாம். உங்கள் தம்பியின் ஆணையில் உள்ள தேதிகளை எடுத்து இந்த வரிசையில் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். வழக்கறிஞர் முதலில் செய்வதும் அதைத்தான்.

அறிவுரைக் கழகத்தில் இருப்பவர்கள் உயர் நீதிமன்ற நீதிபதியாக இருப்பவர்கள், இருந்தவர்கள் அல்லது ஆகத் தகுதி உள்ளவர்கள். மூன்று மாதத்துக்கு மேல் ஒருவரை வைக்க இவர்கள் ஒப்ப வேண்டும் என்பது பிரிவு 22(4)-இன் கட்டளை. ஆனால் அங்கே வழக்கறிஞர் மூலம் வாதாட உரிமை இல்லை. அரசுத் தரப்பில் வழக்கறிஞரோ சட்ட ஆலோசகரோ வந்தால் மட்டும் காவலில் உள்ளவரும் வைத்துக்கொள்ளலாம் என்று 1981-இல் ஏ.கே. ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வழக்கறிஞர் அல்லாத நண்பர் ஒருவரை உதவிக்கு அழைத்துப்போகலாம் என்றும் சொன்னது. எனவே தம்பி அங்கே பேசப்போகும் ஐந்து நிமிடத்துக்கு அவரை முன்கூட்டியே தயார் செய்யுங்கள். 'நான் எந்தத் தப்பும் செய்யவில்லை' என்று அழுவதை விட, 'அந்தத் தேதியில் நான் இந்த இடத்தில் வேலையில் இருந்தேன், இதோ வருகைப் பதிவு' என்பது எடுபடும். கழகங்கள் ரப்பர் ஸ்டாம்பு மாதிரி இருக்கக் கூடாது என்று 2024-இல் தெலங்கானா வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. கண்டிக்க வேண்டிய நிலை இருந்தது என்பதையும் அதிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

இங்கே ஒரு வயிற்றெரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். நெருக்கடி நிலைக்குப் பிறகு, 1978-இல் வந்த 44-ஆவது திருத்தம் இந்த மூன்று மாதத்தை இரண்டாகக் குறைத்தது. கழகத்தை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியின் பரிந்துரைப்படி அமைக்க வேண்டும் என்றும் மாற்றியது. நாடாளுமன்றம் நிறைவேற்றியது, குடியரசுத் தலைவரும் ஒப்புதல் கொடுத்தார். ஆனால் அந்தப் பகுதி நடைமுறைக்கு வரும் தேதியை மத்திய அரசு அறிவிக்க வேண்டும் என்று விட்டிருந்தார்கள். எத்தனையோ ஆட்சிகள் மாறியும் அந்தத் தேதி அறிவிக்கப்படவே இல்லை. நீதிமன்றம் கட்டாயப்படுத்த முடியுமா என்ற கேள்வியும் ஏ.கே. ராய் வழக்கில் வந்தது; முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

சரி, கையில் இருக்கிற ஆயுதம் என்ன? பிரிவு 22(5). காவலுக்கான காரணங்களை முடிந்த அளவு சீக்கிரம் தெரிவிக்க வேண்டும், முறையீடு செய்ய முதல் வாய்ப்பிலேயே வழி தர வேண்டும் என்கிறது அது. இந்த இரண்டு வரிகளிலிருந்து நீதிமன்றங்கள் நிறையவே வளர்த்தெடுத்திருக்கின்றன.

காரணங்களோடு சிறையில் ஒரு தடிமனான தொகுப்பைக் கொடுத்திருப்பார்கள். வக்கீல்கள் அதை 'புக்லெட்' என்பார்கள். அது யாரிடம் இருக்கிறது, முழுதாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பழைய வழக்குகளை 'அட்வர்ஸ் கேஸ்' என்றும், கடைசியாக நடந்ததை 'கிரவுண்டு கேஸ்' என்றும் அதில் வகைப்படுத்தியிருப்பார்கள். ஒவ்வொரு பக்கமாகத் திருப்புங்கள். வாசிக்க முடியாத நகல் இருக்கிறதா? எண் விட்டுப்போன பக்கம் இருக்கிறதா? ஆங்கிலத்தில் உள்ள ஆவணத்துக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு இருக்கிறதா? இது அற்பமாகத் தோன்றலாம். பவனம்மாள் என்ற பெண்மணி இதே சட்டத்தில் சாராய வழக்கில் அடைக்கப்பட்டார். அவருக்குத் தமிழ் மட்டுமே தெரியும். ஆணை சார்ந்திருந்த ஆவணம் ஒன்றின் தமிழ் வடிவம் அவருக்குத் தரப்படவில்லை என்பதற்காக 1999-இல் உச்ச நீதிமன்றம் காவலையே ரத்து செய்தது. புரியாத மொழியில் கொடுத்தால் எப்படி முறையிடுவது என்பதுதான் நியாயம். ஆனால் எந்தத் தாள் விட்டுப்போனாலும் ஆணை விழுந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். ஆணை எதை நம்பி நிற்கிறதோ அந்த ஆவணமாக இருக்க வேண்டும். போகிற போக்கில் குறிப்பிடப்பட்ட ஆவணம் என்றால், அதனால் முறையீடு பாதிக்கப்பட்டது என்று காட்ட வேண்டியிருக்கும்.

அடுத்தது முறையீடு. அரசுக்கு, அறிவுரைக் கழகத்துக்கு, அரசு ஒப்புதல் தரும் முன்பு என்றால் ஆணையிட்ட அதிகாரிக்கும் அனுப்பலாம். எப்போது அனுப்பினீர்கள், எப்போது அவர்களுக்குக் கிடைத்தது, எப்போது பதில் வந்தது என்பதற்கு அத்தாட்சி வைத்துக்கொள்ளுங்கள். அரசு அதைக் கிடப்பில் போட்டு, விளக்கம் சொல்ல முடியாத தாமதம் செய்திருந்தால் அது ஒன்றே ஆணையை வீழ்த்தப் போதும். கோப்பு எந்த மேசையில் எத்தனை நாள் கிடந்தது, இடையில் எத்தனை விடுமுறை நாள் என்று நீதிமன்றத்தில் கணக்குப் பார்ப்பார்கள். முறையீடே செய்யாமல் நேராக உயர் நீதிமன்றம் ஓடுபவர்கள் இந்த வாய்ப்பைத் தாங்களே கைநழுவ விடுகிறார்கள்.

மூன்றாவது, கிரவுண்டு கேஸின் தன்மை. சட்டம் கேட்பது 'பொது ஒழுங்கு'க்குப் பாதகம். சாதாரணச் சட்டம்-ஒழுங்குப் பிரச்சினை அதற்குப் போதாது. ராம் மனோகர் லோகியாவைப் பீகாரில் காவலில் வைத்தபோது ஆணையில் 'சட்டம்-ஒழுங்கு' என்று எழுதிவிட்டார்கள். விதி அனுமதித்ததோ 'பொது ஒழுங்கு'க்காக. அந்த வழக்கில் நீதிபதி ஹிதயத்துல்லா, ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று வட்டங்களைக் கற்பனை செய்யச் சொன்னார். வெளி வட்டம் சட்டம்-ஒழுங்கு, அதற்குள் பொது ஒழுங்கு, அதற்கும் உள்ளே நாட்டின் பாதுகாப்பு. வெளி வட்டத்தைத் தொட்டதெல்லாம் உள் வட்டத்தைத் தொட்டதாகாது. லோகியா விடுதலையானார். இரண்டு பேருக்குள் முன்விரோதத்தில் நடந்த அடிதடி வெளி வட்டத்தோடு நின்றுவிடும். அதனால்தான் குண்டாஸ் கோப்புகளில் ஒரே காட்சி திரும்பத் திரும்ப வரும். கத்தியைச் சுழற்றினார், பொதுமக்கள் சிதறி ஓடினார்கள், கடைக்காரர்கள் கடையைச் சாத்தினார்கள், போக்குவரத்து நின்றது. உங்கள் தம்பியின் காரணங்களிலும் இது இருக்கலாம். முதல் தகவல் அறிக்கையில் அப்படி இருக்கிறதா, சாட்சிகளில் அந்தக் கடைக்காரர் யாராவது உண்டா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். சம்பவம் நடந்ததாகச் சொல்லும் நேரத்தில் அங்கே கடை திறந்திருக்குமா என்பதைக்கூடக் கேட்கலாம்.

நான்காவதுதான் உங்கள் விஷயத்தில் கூர்மையானது: நீங்கள் போட்ட ஜாமீன் மனு. ஏற்கெனவே சிறையில் இருப்பவர் வெளியே வந்து தொந்தரவு செய்வார் என்று சொல்ல வேண்டுமானால், அவர் வெளியே வர நிஜமான வாய்ப்பு இருக்க வேண்டும் அல்லவா? 2011-இல் ரேகா எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் பிடித்தது. காலாவதியான மருந்துகளைத் தேதி மாற்றி விற்றதாக ஒருவரை இதே சட்டத்தில் அடைத்திருந்தார்கள். 'இதுபோன்ற வழக்குகளில் நீதிமன்றங்கள் ஜாமீன் கொடுக்கின்றன' என்று ஆணையில் பொத்தாம்பொதுவாக எழுதியிருந்தது. எந்த வழக்கு, எந்த நீதிமன்றம், யாருக்கு, எப்போது என்ற விவரம் இல்லை. அப்படி எழுதினால் ஏற்க முடியாது என்று ஆணை ரத்தானது. சாதாரணக் குற்றச் சட்டமே போதுமான இடத்தில் தடுப்புக்காவலைக் கையில் எடுக்கக் கூடாது என்றும் அந்தத் தீர்ப்பு சொல்கிறது.

இதில் ஒரு விசித்திரமும் உண்டு. ஜாமீன் மனுவே போடாதவருக்கு 'வெளியே வர வாய்ப்பு இல்லையே' என்ற வாதம் கிடைக்கிறது. மனு போட்டவருக்கு, அந்த மனுவையே சுட்டிக்காட்டி 'வெளியே வந்துவிடுவார்' என்கிறார்கள். சட்டம் கொடுத்த உரிமையைக் கேட்டதே உள்ளே வைக்கக் காரணமாகிவிடுகிறது. நீங்கள் மனு போட்டிருப்பதால் 'மனுவே நிலுவையில் இல்லை' என்ற வாதம் உங்களுக்குக் கிடையாது. ஆனால் ஜாமீன் கிடைக்கும் என்பதைக் காட்ட, ஒத்த வழக்கு என்று வேறொருவரின் ஜாமீன் உத்தரவைப் புக்லெட்டில் வைத்திருப்பார்கள். அதை எடுத்துப் படியுங்கள். அந்த ஆளின் மீது பழைய வழக்குகள் இருந்தனவா, குற்றப் பிரிவு ஒன்றேதானா, அவருக்கு ஜாமீன் கிடைத்தது தகுதியின் பேரிலா, குற்றப்பத்திரிகை வராததாலா? இரண்டுக்கும் பொருத்தமே இல்லை என்றால், அதிகாரி கோப்பைப் படிக்காமல் கையெழுத்திட்டார் என்று வாதிடலாம். இப்படிச் சரிந்த ஆணைகள் ஏராளம்.

எங்கே போவது என்று கேட்டீர்கள். பிரிவு 32-இன் கீழ் கோபாலன் போல நேராக உச்ச நீதிமன்றமும் போகலாம். நடைமுறையில் பிரிவு 226-இன் கீழ் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுதான் வழி. உங்கள் மாவட்டத்தைப் பொறுத்து சென்னையிலோ மதுரைக் கிளையிலோ தாக்கல் செய்ய வேண்டும். தம்பி கையெழுத்திட வேண்டியதில்லை. அம்மாவோ நீங்களோ மனுதாரராக இருக்கலாம். இரண்டு நீதிபதிகள் கொண்ட அமர்வு விசாரிக்கும். தம்பி குற்றவாளியா இல்லையா என்று அவர்கள் பார்க்க மாட்டார்கள். அதிகாரியின் திருப்திக்கு ஆதாரம் இருந்ததா, நடைமுறை பின்பற்றப்பட்டதா என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். உத்தரவு வரப் பல மாதம் ஆவது வழக்கம். அதாவது ஆணை சட்டவிரோதம் என்று முடிவாகும்போது அவர் பாதிக் காலத்தைக் கழித்திருப்பார். போலீசுக்கும் இது தெரியும். அதனால் ஆணை கையில் கிடைத்த வாரத்திலேயே முறையீட்டை அனுப்பி, தாமதிக்காமல் மனுவையும் போட்டுவிடுங்கள். வக்கீல் வைக்க வசதி இல்லை என்றால் சிறையிலிருந்தே சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் இலவச வழக்கறிஞர் கேட்கலாம்.

ஒன்றைக் குடும்பங்கள் அடிக்கடி மறந்துவிடுகின்றன. குண்டாஸ் ரத்தானாலும் கிரவுண்டு கேஸிலும், அட்வர்ஸ் கேஸ்களில் ரிமாண்ட் ஆகியிருந்தால் அவற்றிலும் தனித்தனியாக ஜாமீன் இருந்தால்தான் சிறைக் கதவு திறக்கும். அந்த வழக்குகளின் கடிகாரம் தனியே ஓடிக்கொண்டிருக்கிறது. குற்றத்தின் தன்மையைப் பொறுத்து 60 அல்லது 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால், இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 187(3)-ஆம் பிரிவுப்படி ஜாமீன் உரிமையாகவே கிடைக்கும். ஆனால் மனு போட்டுக் கேட்க வேண்டும். கேட்பதற்கு முன் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் அந்த உரிமை போய்விடும். முதல் ரிமாண்ட் தேதியைப் பார்த்து இன்றே நாளை எண்ணுங்கள்.